ஜூனில் 7 லட்சம், டிசம்பரில் நகைக்கடன்: டியூஷன் சென்டரின் அட்வான்ஸ் ஃபீஸைக் கணக்கெழுதும் முறை

ஜூன் மாதக் கடைசியில் அந்த டியூஷன் சாரின் கரண்ட் அக்கவுன்டில் 7,00,000 ரூபாய் இருந்தது. டிசம்பரில் டீச்சர்களுக்குச் சம்பளம் கொடுக்க, வீட்டு நகையை எடுத்துப்போய் அடகு வைத்தார். இடையில் ஒரு பிள்ளைகூட நின்றுவிடவில்லை. வாடகை ஏறவில்லை. யாரும் ஏமாற்றவும் இல்லை. பகுதி நேரமாக அவருக்குக் கணக்கு எழுதும் என்னிடம் நோட்டைக் கொண்டுவந்து போட்டு, "வரவு செலவு எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேன், காசு எங்க போச்சுன்னுதான் தெரியல" என்றார். நோட்டில் ஒரு பைசா தப்பு இல்லை. அவர் எழுதிய முறைதான் அந்தத் தொழிலுக்குப் பொருந்தாதது.

அவருடைய எண்களையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கூட்டிக் கழிக்கத் தோதாக முழுத் தொகையாக்கியிருக்கிறேன்.

சென்டரின் எண்கள்

பத்தாம் வகுப்புக்கான டியூஷன். ஜூன் முதல் மார்ச் வரை 10 மாதம். ஒரு பிள்ளைக்கு ஆண்டு ஃபீஸ் 20,000 ரூபாய், சேரும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். 40 பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஆக ஜூன் முதல் வாரத்திலேயே 8,00,000 ரூபாய் வந்துவிட்டது.

செலவு: ஹால் வாடகை மாதம் 15,000. கரண்ட், தண்ணீர், சாக்பீஸ், ஆள் கூலி என்று சில்லறையாக மாதம் 5,000. இரண்டு டீச்சர்களுக்கும் சேர்த்து மாதச் சம்பளம் 30,000, அதை அடுத்த மாதம் 5-ஆம் தேதி கொடுப்பார். ஜூனில் ஒரே தடவையாக மெட்டீரியல் அச்சடித்த செலவு 60,000. அது 10 மாதத்துக்கும் ஆகும். இதுபோக, வீட்டுச் செலவுக்கு மாதம் 20,000 எடுத்துக்கொள்வார். இது செலவுக் கணக்கில் வராது. சொந்த எடுப்பு என்று தனியே நிற்கும்.

ரொக்கக் கணக்கு என்ன சொன்னது

சார் எழுதியது ரொக்க அடிப்படை. 'கேஷ் பேசிஸ்' என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். கைக்குக் காசு வந்த நாளில் வருமானம், கையைவிட்டுப் போன நாளில் செலவு. ஜூன் மாதத்தை இப்படிப் பார்த்தால் 8,00,000 வருமானம். மெட்டீரியல் 60,000, வாடகை 15,000, சில்லறை 5,000 போக லாபம் 7,20,000. ஜூன் சம்பளம் ஜூலையில்தானே போகிறது, அதனால் அது இதில் இல்லை. ஜூலையிலிருந்து ஒவ்வொரு மாதமும் வருமானம் பூஜ்யம், நஷ்டம் 50,000.

ஜூனில் 7 லட்சம் சம்பாதித்து, அதன்பின் ஒன்பது மாதம் தொடர்ந்து நஷ்டப்படுகிற தொழில் என்று ஒன்று இருக்க முடியாது. ஜூனில் நடத்திய அதே பாடத்தைத்தான் நவம்பரிலும் நடத்துகிறார். கணக்கு காட்டுவது ஃபீஸ் வசூலான தேதியை மட்டும்தான்.

பெட்டிக்கடைக்கு ரொக்கக் கணக்கே போதும். சோப்பைக் கொடுத்தோம், காசை வாங்கினோம், பாக்கி ஒன்றுமில்லை. டியூஷனில் காசு முதலில் வருகிறது, சரக்கு பத்து மாதம் கழித்துத்தான் முழுதாகப் போய்ச் சேர்கிறது. இந்த இடைவெளியை எழுத ரொக்கக் கணக்கில் பத்தியே கிடையாது.

அக்ரூவல் முறை அந்த இடைவெளியைத்தான் கணக்கில் கொண்டுவருகிறது. வருமான வரி வட்டாரத்தில் இதற்கு 'மெர்கண்டைல்' என்று பெயர். பாடம் நடத்தி முடித்த மாதத்தில் அந்த மாதத்துக்கான ஃபீஸ் வருமானமாகும். அதுவரை அந்தப் பணம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க வேண்டிய கடன். அந்தக் கடன் ரூபாயாக இல்லாமல் பாடமாகத் தீருகிறது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து அக்கவுன்டன்சி புத்தகத்தில் 'முன்கூட்டிப் பெற்ற வருமானம்' என்று இருப்பது இதுதான்.

முதல் படி: ஃபீஸ் ரெஜிஸ்டர்

சாப்ட்வேருக்குள் போகுமுன் இது வேண்டும். பெரும்பாலான சென்டர்களில் ரசீது புத்தகம் இருக்கும். யார், எப்போது, எவ்வளவு என்று அதில் இருக்கும். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரைக்கான பணம் என்பது இருக்காது. அக்ரூவல் கணக்கு முழுக்க அந்த ஒரு தகவலின் மேல்தான் நிற்கிறது.

ஒரு எக்செல் ஷீட்டில் A பத்தியில் ரசீது எண், B-யில் பிள்ளையின் பெயர், C-யில் வாங்கிய தொகை, D-யில் வகுப்பு தொடங்கும் தேதி, E-யில் எத்தனை மாதத்துக்கு என்பது. H1 கட்டத்தில் நீங்கள் கணக்கு முடிக்கும் மாதத்தின் கடைசித் தேதியைப் போடுங்கள். F பத்தியில் இந்த வாய்பாடு:

```
=C2-ROUND(C2/E2*MAX(0,MIN(E2,(YEAR($H$1)-YEAR(D2))*12+MONTH($H$1)-MONTH(D2)+1)),0)
```

அந்தப் பிள்ளைக்கு இன்னும் பாடமாகத் தர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று இது சொல்லும். 20,000 கட்டிய பிள்ளைக்கு, D-யில் ஜூன் 1, E-யில் 10, H1-இல் ஜூலை 31 என்றால் 16,000 வரும். 40 பேருக்கும் கூட்டினால் 6,40,000. வகுப்பு இன்னும் தொடங்காத பிள்ளைக்கு முழுத் தொகையும் பாக்கியாகவே நிற்கும், அது சரிதான்.

C-யில் எழுத வேண்டியது உண்மையில் வாங்கிய தொகை. இந்த சென்டரில் மாதாமாதம் கட்டுவதாக இருந்தால் 2,200, மொத்தமாகக் கட்டினால் 20,000 என்று நோட்டீசில் போட்டிருந்தார். மொத்தமாகக் கட்டியவருக்கு 22,000 என்று எழுதி 2,000-ஐத் தள்ளுபடிச் செலவாகக் காட்டினால் வருமானமும் செலவும் வீணாகப் பெருத்துத் தெரியும். 20,000 என்றே எழுதுங்கள், மாதத்துக்கு 2,000.

பத்து மாதத்துக்கும் சமமாகப் பிரிப்பது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். ஜனவரியில் ரிவிஷன், பிப்ரவரியில் தினமும் டெஸ்ட் என்று வகுப்பு கூடும்தான். வகுப்புகளின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் ரொம்ப மாறாதவரை சமமாகப் பிரிப்பதே போதும். 20 நாள் கிராஷ் கோர்ஸ் மாதிரியானவற்றுக்கு மட்டும் மாதத்தை விட்டுவிட்டு, நடந்த வகுப்பு எத்தனை, மொத்தம் எத்தனை என்று பிரியுங்கள்.

இரண்டாம் படி: வசூலான நாளில் எழுதுவது

டேலி சாப்ட்வேரில் `Fees Received in Advance` என்று ஒரு லெட்ஜரைத் திறந்து, `Current Liabilities` குரூப்பில் வையுங்கள். `Tuition Fees` என்று இன்னொன்று, `Direct Incomes` குரூப்பில். ஃபீஸ் வந்ததும் F6 ரிசீப்ட் வவுச்சரில் பேங்க் பற்று, அதாவது டெபிட், 8,00,000; அட்வான்ஸ் ஃபீஸ் லெட்ஜர் வரவு, அதாவது கிரெடிட், 8,00,000. வருமான லெட்ஜரை அன்றைக்குத் தொடவே கூடாது.

பழக்கத்தில் நேராக `Tuition Fees` லெட்ஜரில் போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கண்டுபிடிப்பது சுலபம். மாத வாரியாக லாப நட்டக் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஒரு மாதம் மட்டும் மலை மாதிரி வருமானம் நின்று, மற்ற மாதங்கள் காலியாகக் கிடந்தால் அங்கேதான் தவறு.

மூன்றாம் படி: மாதக் கடைசி என்ட்ரிகள்

ஒவ்வொரு மாதமும் கடைசி நாளில் F7 ஜர்னலில் மூன்றே என்ட்ரி.

ஒன்று, வருமானத்தை எடுத்துக்கொள்வது. அட்வான்ஸ் ஃபீஸ் பற்று 80,000, டியூஷன் ஃபீஸ் வரவு 80,000. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு மாதப் பாடம் நடத்திவிட்டோம். அந்த அளவுக்குக் கடன் தீர்ந்தது, அது வருமானமானது.

இரண்டு, சம்பளம். ஜூன் மாதம் டீச்சர்கள் உழைத்துவிட்டார்கள், நாம் ஜூலை 5-இல்தான் கொடுக்கப் போகிறோம். ஆனாலும் செலவு ஜூனுடையது. சம்பளம் பற்று 30,000, கொடுபட வேண்டிய சம்பளம் வரவு 30,000. ஜூலையில் பணம் கொடுக்கும்போது அந்தப் பாக்கி லெட்ஜரைத்தான் அடைக்க வேண்டும். மறுபடி சம்பளச் செலவில் எழுதினால் இரட்டிப்பாகிவிடும்.

மூன்று, மெட்டீரியல். 60,000-ஐ ஜூனில் செலவாக எழுதாமல் முன்கூட்டிச் செலுத்திய செலவாக `Current Assets`-இல் நிறுத்தியிருப்போம். மாதம் 6,000 வீதம் அதிலிருந்து செலவுக்கு மாற்ற வேண்டும்.

வருமானத்தை மட்டும் பிரித்துவிட்டு செலவை ரொக்கக் கணக்கிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது அரைகுறை. ஜூனில் 80,000 வருமானத்துக்கு எதிரே 60,000 மெட்டீரியலும் நின்றால் அந்த மாதமும் பொய் சொல்லும்.

இப்போது எந்த மாதத்தை எடுத்தாலும் ஒரே விடை: வருமானம் 80,000. வாடகை 15,000, சம்பளம் 30,000, சில்லறை 5,000, மெட்டீரியல் 6,000, ஆக 56,000 செலவு. லாபம் 24,000. சார் இதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. வீட்டுக்கு மாதம் 20,000 எடுப்பது போக அவருக்கு மிஞ்சுவது 4,000.

நான்காம் படி: இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா

மாதக் கடைசியில் ரெஜிஸ்டரின் F பத்திக் கூட்டுத்தொகையும், டேலியில் அட்வான்ஸ் ஃபீஸ் லெட்ஜரின் நிலுவையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜூன் முடிவில் 7,20,000, ஜூலை முடிவில் 6,40,000 என்று மாதம் 80,000 இறங்கி மார்ச் 31-இல் பூஜ்யம். ஒத்துப்போகவில்லை என்றால் மூன்று காரணங்களைத் தேடுங்கள்: புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒரு பக்கம் மட்டும் ஏறியிருக்கும், பாதியில் நின்ற பிள்ளையை ரெஜிஸ்டரில் அடிக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது ஃபீஸ் நேராக வருமானத்தில் போயிருக்கும். வித்தியாசம் 2,000-இன் மடங்காக இருந்தால் அநேகமாக ஆள் கணக்குதான் தவறு.

மார்ச் முடிந்தும் அந்த லெட்ஜரில் ஏதாவது பாக்கி நின்றால், அடுத்த ஆண்டுக்கு வாங்கிய பணமாக இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அது நம் கணக்கின் ஓட்டை.

ஜூலை 31: அந்த 3 லட்சம்

இனி காசு போன இடத்துக்கு வருவோம். ஜூன் முடிவில் வீட்டுக்கு எடுத்த 20,000 போக பேங்கில் 7,00,000. ஜூலையில் வாடகை, சில்லறை, ஜூன் சம்பளம் சேர்ந்து 50,000, வீட்டுக்கு 20,000. மிச்சம் 6,30,000. அந்த மாதக் கடைசியில் வீடு கட்டும் வேலைக்கு என்று 3,00,000 எடுத்தார். "பாதிக்கு மேல மிச்சம் வச்சுட்டுத்தானே எடுத்தேன்?" என்றார்.

அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: இந்த 6,30,000-இல் என் காசு எவ்வளவு?

அக்ரூவல் கணக்குப்படி இரண்டு மாத லாபம் 48,000. அதில் 40,000-ஐ வீட்டுக்கு எடுத்தாயிற்று. ஜூலை 31-இல் அவர் சம்பாதித்து மிச்சம் வைத்திருந்தது 8,000 ரூபாய். 3,00,000 எடுத்தபின் அன்றைய இருப்புநிலை இப்படி நின்றது: பேங்க் 3,30,000, தீராத மெட்டீரியல் 48,000, ஆக கையில் 3,78,000. மறுபக்கம் பிள்ளைகளுக்குப் பாடமாகத் தர வேண்டியது 6,40,000, டீச்சர்களுக்கு ஜூலை சம்பளம் 30,000, ஆக 6,70,000. பள்ளம் 2,92,000. பேங்க் பாஸ்புக்கில் மூன்றேகால் லட்சத்துக்கு மேல் இருந்த அதே நாளில்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 6,40,000-ஐயும் அப்படியே பூட்டி வைக்க வேண்டியதில்லை. அதில் லாபமும் அடங்கியிருக்கிறதே என்று கேட்கலாம். சரிதான். அதனால் பணத்தை எடுக்குமுன் லாப நட்டக் கணக்கோடு இன்னொரு கணக்கும் போட வேண்டும். வாக்குக் கொடுத்த பாடத்தை முடிக்க இன்னும் எவ்வளவு காசு வெளியே போகும்? வாடகையும் சில்லறையும் 8 மாதத்துக்கு 1,60,000. சம்பளம் ஜூலை முதல் மார்ச் வரை 9 மாதத்துக்கு 2,70,000. மொத்தம் 4,30,000. 6,30,000-இல் இதைக் கழித்தால் 2,00,000. அதிலிருந்து எட்டு மாத வீட்டுச் செலவு 1,60,000 போனால் 40,000.

அந்த ஆண்டு முழுமைக்கும் அவர் வேறு வேலைக்கு எடுத்திருக்கக் கூடியது 40,000 ரூபாய். எடுத்தது 3,00,000. அதற்குப்பின் மாதம் 70,000 வீதம் இறங்கியது: ஆகஸ்ட் முடிவில் 2,60,000, செப்டம்பரில் 1,90,000, அக்டோபரில் 1,20,000, நவம்பரில் 50,000. டிசம்பருக்கு 70,000 வேண்டும், இருந்தது 50,000. நகை போயிற்று. மார்ச்சுக்குள் நகைக்கடன் அசல் மட்டும் 2,30,000 ஆனது.

இந்தக் கணக்கைப் போட சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். பேங்க் இருப்பு, வகுப்பு முடியும்வரை போக வேண்டிய செலவு, வீட்டுக்கு எடுப்பது என்று மூன்று வரி. ஒவ்வொரு மாதமும் ஜர்னல் போட்ட கையோடு போட்டுவிடலாம். அக்ரூவல் லாபம் மட்டும் தெரிந்து பேங்க் நிலவரம் தெரியாமல் இருப்பதும் ஆபத்துதான், இரண்டும் வேண்டும்.

பாதியில் நின்ற பிள்ளை, பாக்கி வைத்த பிள்ளை

மேலே சொன்ன ஆண்டில் யாரும் நிற்கவில்லை. நின்றால் என்ன செய்வது? அக்டோபர் முடிவில் ஒரு பிள்ளை ஊர் மாறிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதத்துக்கு 10,000 ஏற்கெனவே வருமானமாகிவிட்டது. மீதி 10,000 அட்வான்ஸ் லெட்ஜரில் இருக்கிறது. பேசி 6,000 திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்றால்: அட்வான்ஸ் ஃபீஸ் பற்று 10,000, பேங்க் வரவு 6,000, டியூஷன் ஃபீஸ் வரவு 4,000. அந்த 4,000-க்கு இனிப் பாடம் நடத்த வேண்டியதில்லை, திருப்பித் தரவும் வேண்டியதில்லை. ஆகவே அன்றைக்கே வருமானம்.

கட்டிய ஃபீஸ் திருப்பித் தரப்படாது என்று ரசீதில் அச்சடித்திருப்பதால், வாங்கிய அன்றே முழுவதையும் வருமானமாக எழுதலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படியல்ல. பணத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்றாலும் பாடத்தை நடத்தித்தானே ஆக வேண்டும்! பிள்ளை நின்று, அந்தக் கடமை தீர்ந்த பிறகுதான் மிச்சம் வருமானமாகும். பிள்ளை நின்றதைக் கணக்கு எழுதுபவரிடம் யாராவது சொல்லவும் வேண்டும். வருகைப் பதிவேட்டில் மூன்று வாரம் ஆள் இல்லை, கணக்கில் மட்டும் மாதாமாதம் 2,000 வருமானமாகிக்கொண்டே இருக்கும். அதனால் மாதக் கடைசியில் நான் வருகைப் பதிவேட்டையும் வாங்கிப் பார்த்துவிடுவேன்.

எதிர்ப் பக்கமும் உண்டு. சில பெற்றோர் "அறுவடை முடியட்டும் சார்" என்று ஃபீஸை இழுப்பார்கள். பாடம் நடந்துவிட்டது, காசு வரவில்லை. அக்ரூவலில் அதுவும் வருமானம்தான்; வர வேண்டிய ஃபீஸ் என்று சொத்துப் பக்கம் நிற்கும். வராது என்று தெரிந்துவிட்டால் வாராக்கடனாக எழுதிவிட வேண்டும். டியூஷன் சென்டரில் தேர்வு முடிந்து போன பிள்ளையின் பாக்கி அநேகமாக வராது. மே மாதத்துக்குமேல் அதைச் சொத்தாகக் காட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

மார்ச் 31

மார்ச்சிலேயே அடுத்த பேட்சுக்கு அட்மிஷன் போட்டார். 30 பிள்ளைகள், 6,00,000 ரூபாய். வகுப்பு ஜூனில்தான்.

ரொக்கக் கணக்குப்படி அந்த நிதியாண்டு வரவு 14,00,000. செலவு: வாடகை 1,50,000, ஒன்பது மாதச் சம்பளம் 2,70,000, சில்லறை 50,000, மெட்டீரியல் 60,000, ஆக 5,30,000. லாபம் 8,70,000. அக்ரூவல் கணக்குப்படி வருமானம் 8,00,000, செலவு 5,60,000, லாபம் 2,40,000. இரண்டுக்கும் இடையே 6,30,000 வித்தியாசம். அடுத்த பேட்சுக்கு வாங்கியது 6,00,000, மார்ச் சம்பளம் கொடுக்காதது 30,000. வேறு ஒன்றுமில்லை. இந்த ஒத்துப்பார்ப்பை வருடக் கடைசியில் ஒரு தாளில் எழுதி ஃபைலில் வையுங்கள், ஆடிட்டர் கேட்கும் முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

சார் புதுப் பணத்தில் நகையை மீட்டார். வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால் பேங்கில் 3,70,000. ஆனால் 30 பிள்ளைகளுக்கு 6,00,000 பாடம் பாக்கி. இந்த பேட்சுக்கு மாத வருமானம் 60,000. செலவோ பிள்ளை குறைந்ததால் பெரிதாகக் குறையப் போவதில்லை. வாடகையும் சம்பளமும் அப்படியேதான். போன பேட்சின் பள்ளத்தை இந்த பேட்சின் பணத்தால் மூடியாயிற்று. இப்படி ஓடும் சென்டர் அட்மிஷன் கூடிக்கொண்டே போகும்வரை வெளியே தெரியாமல் ஓடும். ஒரு வருடம் அட்மிஷன் குறைந்தால் நின்றுவிடும்.

வரி எந்தக் கணக்கை ஏற்கும்

தனி ஆளாக நடத்துகிறவர் இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 145-ஆம் பிரிவு, தொழில் வருமானத்தை ரொக்க முறையிலோ மெர்கண்டைல் முறையிலோ, தொடர்ந்து கடைப்பிடிக்கும் முறைப்படி கணக்கிடச் சொன்னது. 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தத் தெரிவு இருக்கிறது. 'தொடர்ந்து' என்பதைக் கவனியுங்கள். அட்வான்ஸ் அதிகம் வந்த வருடம் அக்ரூவல், குறைந்த வருடம் ரொக்கம் என்று தாவ முடியாது. வருமானம் அக்ரூவலில், செலவு ரொக்கத்தில் என்று கலக்கவும் முடியாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிந்திருந்தால் இந்தத் தெரிவே இல்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 128-ஆம் பிரிவு அக்ரூவலையே கட்டாயமாக்குகிறது.

வரி எவ்வளவு மிச்சமாகும் என்று சார் உடனே கேட்டார். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரித் தள்ளுபடி உண்டு. ஆகவே வேறு வருமானம் இல்லாத அவருக்கு 8,70,000 என்றாலும் 2,40,000 என்றாலும் அந்த ஆண்டு வரி பூஜ்யம்தான். அவர் அளவு சென்டருக்கு அக்ரூவலின் லாபம் வரியில் இல்லை. இரண்டு மூன்று கிளை வைத்து மார்ச்சில் முப்பது, நாற்பது லட்சம் அட்வான்ஸ் வாங்குகிறவருக்கு, நடத்தாத பாடத்துக்கு ஒரு வருடம் முன்கூட்டியே வரி கட்டுவதா என்ற கேள்வி பெரிது. இதுவரை ரொக்க முறையில் ரிட்டர்ன் போட்டவர் மாறுவதாக இருந்தால், ஏற்கெனவே வரி கட்டிய அட்வான்ஸ் மறுபடி வருமானமாக வந்துவிடாதபடி அந்த மாறும் ஆண்டை ஆடிட்டரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஜி.எஸ்.டி.யில் கதை வேறு. தனியார் டியூஷனுக்கு விலக்கு இல்லை, 18 சதவீதம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். நம்முடைய சார் அதற்குக் கீழே. பதிவு செய்தவர்கள் கவனிக்க வேண்டியது, சேவைக்கான அட்வான்ஸ் கைக்கு வந்ததுமே ஜி.எஸ்.டி. கட்டும் பொறுப்பு வந்துவிடுகிறது. வருமான வரிக்கு அக்ரூவல் எழுதினாலும் இதில் தள்ளிப்போட முடியாது. ஃபீஸ் 20,000, அதற்குமேல் வரி 3,600 என்று 23,600 வாங்கினால், 3,600 அரசாங்கத்துக்கான தனி லெட்ஜருக்குப் போகும், அட்வான்ஸ் ஃபீஸ் லெட்ஜருக்கு 20,000 மட்டும். வரி உள்பட 20,000 என்று வாங்கினால் நம்முடையது 16,949 சொச்சம்தான். அதைத்தான் பத்தால் வகுக்க வேண்டும். 20,000-ஐ வகுத்துவிட்டு, வருடக் கடைசியில் லாபம் ஏன் குறைகிறது என்று தேடிய சென்டரை எனக்குத் தெரியும்.

அடுத்த ஜூனில் செய்தது

இந்தத் தாள்களையெல்லாம் பார்த்தபின் சார் இரண்டு மாற்றம் செய்தார். முதலாவது, ஃபீஸ் வரும் அக்கவுன்டையும் செலவு செய்யும் அக்கவுன்டையும் பிரித்தார். அட்வான்ஸ் முழுவதும் ஒரு அக்கவுன்டில் விழும். அதிலிருந்து ஒரு மாதத்துக்குரிய ஃபீஸை மட்டும் செலவு அக்கவுன்டுக்கு மாற்றுவார். கார்டும் யு.பி.ஐ.யும் செலவு அக்கவுன்டில் மட்டும். மெட்டீரியலுக்கு மட்டும் ஜூனில் ஒரு தடவை கூடுதலாக மாற்றிக்கொள்வார். பழைய பள்ளம் இதனால் மூடாது. அதற்காக வீட்டுக்கு எடுப்பதை மாதம் 12,000 ஆக்கினார், சின்ன மனையொன்றையும் விற்கப் போட்டார்.

இரண்டாவது மாற்றத்தை அவரே கண்டுபிடித்தார். மொத்தமாகக் கட்டினால் 2,000 குறைவு என்று அவர் கொடுத்தது, பெற்றோரிடம் வாங்கிய கடனுக்கான வட்டி மாதிரி. நாற்பது பிள்ளைகளுக்கு 80,000 ரூபாய். ஆண்டு லாபமே 2,40,000 என்னும்போது அது மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பணத்தை வைத்து அவர் தொழிலுக்கு என்ன செய்தார் என்று பார்த்தால், முன்கூட்டித் தேவைப்பட்டது மெட்டீரியலுக்கு 60,000 மட்டுமே. புது நோட்டீசில், ஜூனில் 11,000, நவம்பரில் 11,000 என்று இரண்டு தவணையாக அச்சடித்திருக்கிறார். ரெஜிஸ்டரில் E பத்தியில் இனி 10-க்குப் பதில் 5 என்று எழுத வேண்டும், நவம்பர் தவணைக்குத் தனி வரி. நவம்பர் தவணையை எத்தனை பேர் இழுத்தடிப்பார்கள் என்பது போகப்போகத்தான் தெரியும்; அதற்கும் வர வேண்டிய ஃபீஸ் என்று ஒரு லெட்ஜரைத் திறந்து வைத்திருக்கிறேன்.